முள்ளங்கி பராத்தா கிழிகிறதா?

பஞ்சாபியர் வீட்டு முள்ளங்கி பராத்தாவை நம் வீட்டில் செய்தால், தேய்க்கும்போதே கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடுகிறது. உப்புதான் காரணம், அது முள்ளங்கியிலிருந்து நீரை இழுத்து, மாவை உள்ளிருந்தே நனைத்துவிடும்.

ஆகவே முதலிலேயே நீரை எடுத்துவிடுங்கள். துருவிய முள்ளங்கியில் அரை தேக்கரண்டி உப்பு பிசறி 15 நிமிடம் கழித்து, துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். அந்த நீரிலேயே ஆட்டா மாவை மிருதுவாகப் பிசையலாம், வாசமாக இருக்கும். பூரணத்தில் மிளகாய், மல்லித்தழை போதும். மறுபடி உப்பு சேர்த்தால் மீண்டும் நீர் விடும்.

மாவை ஓரம் மெல்லிசாகவும் நடுவில் தடிப்பாகவும் தட்டி, பூரணம் வைத்து மூடி, உடனே தேயுங்கள். காத்திருந்தால் கசியும்.

உருளைக்கிழங்கில் வேறு தொல்லை: கட்டி இருந்தால் அந்த இடத்தில்தான் கிழியும். நன்றாக ஆறவிட்டுத் துருவிவிடுங்கள்.