பத்து லிட்டர்னா பத்து லிட்டர்தான்

"இன்னும் 2 மணி நேரம்தான்!" என்று கடிகாரத்தை ஓடவிட்டு இணையத்தில் விற்கிறார்கள். நேரம் முடிந்ததும் அதே கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடும். பொய்யான அவசரம், பொய்யான தட்டுப்பாடு இரண்டையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்துவிட்டது. நமக்கு அது தேவையும் இல்லை. நம்ம சரக்கு உண்மையிலேயே கொஞ்சம்தானே.

படப்பையில் நான் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறேன். இரண்டு ஈடு, 30 கிலோ பருப்பு ஆட்டினால் சுமார் 12 லிட்டர் கிடைக்கும். ஆட்டிய அன்றே அளவைச் சொல்ல மாட்டேன். கசடு அடியில் தங்கி, எண்ணெய் தெளிந்த பிறகுதான் அளப்பேன். வீட்டுக்கு 2 லிட்டர் எடுத்து வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் இப்படிப் போடுவேன்:

"கடலை எண்ணெய். 30 கிலோ ஆட்டினோம். விற்பனைக்கு 10 லிட்டர். அடுத்த ஈடு 15 நாள் கழித்து."

காரணம், அளவு, அடுத்த தேதி. இந்த மூன்றும் இருந்தால் வாங்குபவர் பதறாமல் முடிவெடுப்பார். விற்க விற்க எண்ணைக் குறைத்துப் போடுங்கள். கடைசி லிட்டரை இருவர் கேட்டால், முதலில் செய்தி அனுப்பியவருக்கே கொடுங்கள்; மற்றவர் பெயரை அடுத்த ஈட்டுக்கு எழுதிக்கொள்ளுங்கள். "தீர்ந்தது" என்று போட்ட பிறகு, தெரிந்தவர் கேட்டாரே என்று வீட்டு எண்ணெயில் ஒரு லிட்டர் எடுத்துக் கொடுத்தால், அடுத்த முறை உங்கள் எண்ணை யாரும் நம்ப மாட்டாங்க.