லண்டனில் ஒரு மளிகைக் கடை: சரக்கும் சட்டமும்

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, சௌத்தால் போன்ற பகுதிகளில் துணைக்கண்டத்து மளிகைக் கடை திறப்பவரின் கையில் முதலில் இருப்பது ஒரு சாமான் பட்டியல். தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குப் பொன்னிப் புழுங்கலும் இட்லி அரிசியும் வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்குச் சிவப்பரிசியும் கீரிச் சம்பாவும் மாசிக் கருவாடும் வேண்டும். பஞ்சாபி வீட்டில் கோதுமை மாவு மூட்டையாகப் போகும். வங்காளிகள் கடுகெண்ணெய் கேட்டு வருவார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுதிய இந்தப் பட்டியலை, சரக்கு எந்த வழியாக நாட்டுக்குள் வர முடியும் என்று பார்த்து ஒருமுறை திருத்தி எழுத வேண்டும். உலர்ந்த தானியம், பச்சைக் காய்கறி, பால், இறைச்சி, மீன் போன்ற விலங்குப் பொருள் என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, செலவு வேறு, ஆபத்தும் வேறு. இந்தப் பிரிவைக் கணக்கில் எடுக்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள்தான் முதல் ஆண்டிலேயே திணறுகிறார்கள்.

கடையைப் பதிவு செய்வது எளிய வேலை. உணவு விற்கும் எவரும் கடை திறப்பதற்குக் குறைந்தது 28 நாள் முன்பு உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை, பதிவை மறுக்கவும் முடியாது. பிறகு சுகாதார ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் தருவார். இங்கிலாந்தில் அதைக் கடை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேல்ஸில் உண்டு. ஒட்டாவிட்டாலும் மதிப்பெண் இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும்.

கொள்முதலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கடைக்காரர் தாமே இறக்குமதி செய்வதா, இங்குள்ள மொத்த வியாபாரியிடம் வாங்குவதா என்பது. ஊரில் மில் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் நேரடியாகத் தருவிக்கும் ஆசை வரும். அரிசியை வைத்தே கணக்குப் போடலாம். வாரத்துக்கு 10 கிலோ பை 40 விற்கும் கடை என்று கொள்வோம். வாரம் 400 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 21 டன். ஒரு 20 அடி கண்டெய்னர் 20 டன்னுக்கு மேல் அரிசி கொள்ளும். அதாவது ஒரே கண்டெய்னரில் அந்தக் கடையின் ஓராண்டு அரிசி வந்து இறங்கிவிடும். ஓராண்டு விற்பனைக்கான பணம் ஒரே நாளில் முடங்கும். கடையின் பின்னறையில் அது அடங்காது. கிடங்கு வாடகை தனி. எட்டு மாதம் கழித்து மூட்டையைப் பிரித்தால் வண்டு இருக்கும். இதே கடைக்கு மொத்த வியாபாரி வாரம் ஒருமுறை லாரியில் கொண்டுவந்து இறக்குவார். பழக்கமான பின் சில வாரக் கடனும் தருவார். கிலோவுக்குச் சில பென்ஸ் கூடுதல் விலை என்பது, பெரும்பாலும் இந்தச் சுமைகளை அவர் ஏற்பதற்கான கூலிதான்.

அரசாங்க முடிவுகளும் கணக்கைக் கலைக்கும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. வெள்ளை அரிசிக்கான தடை நீங்க 2024 செப்டம்பர் இறுதி ஆனது. அந்த நேரத்தில் ஒரே மில்லை நம்பியிருந்தவரைவிட, பல நாட்டு அரிசியைக் கையிருப்பில் வைத்திருந்த மொத்த வியாபாரியிடம் வாங்கியவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

இறக்குமதியாளர் ஆவது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. சுங்கத்தில் வணிக எண் பெற வேண்டும், முகவர் வைக்க வேண்டும். பிரிட்டனுக்கு வெளியே தயாரான பொட்டலத்தின் லேபிளில், இங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொருளில் குறை கண்டால் அதிகாரிகள் மதுரை மில்லைத் தேடிப் போக மாட்டார்கள். லேபிளில் உள்ள முகவரிக்குத்தான் வருவார்கள். ஆகவே தொடக்க ஆண்டுகளில் அரிசி, பருப்பு, மசாலா மூன்றையும் இங்கேயே வாங்குவது நல்லது. கருப்பட்டி போல நாள் தாங்குகிற, மொத்த வியாபாரிகள் கைவைக்காத ஓரிரு பொருளுக்கு மட்டும் நான்கைந்து கடைகள் சேர்ந்து கண்டெய்னரில் இடம் பிடிக்கலாம்.

விலங்குப் பொருளில் வழி மிகவும் குறுகியது. பால் பொருள்களை அனுப்ப அனுமதி பெற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ஊர் நெய், பால்கோவா, பால்பொடி கலந்த பானப்பொடி ஆகியவற்றை இந்தியாவிலிருந்து வரவழைத்து விற்க முடியாது. கடைகளில் இருக்கும் நெய்யும் பன்னீரும் பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ தயாரானவை. யாரேனும் வேனில் கொண்டுவந்து, ஊரில் தயாரான பானப்பொடியை மலிவாகத் தருகிறேன் என்றால், பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தாலே போதும். இந்திய ரூபாயில் அதிகபட்ச விலை அச்சாகி, பிரிட்டன் முகவரி எதுவும் இல்லாமல் இருந்தால் அது முறையான வழியில் வந்த சரக்கு அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். மாசி போன்ற மீன் பொருளுக்குத் தடை இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற ஆலையில் தயாராகி, உடல்நலச் சான்றிதழோடு, எல்லைச் சோதனைச் சாவடி வழியாக வந்திருக்க வேண்டும்.

காய்கறிக்கு மொத்தச் சந்தையே வழி. லெய்ட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே உள்ள வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் ஆகிய இரண்டிலும் வியாபாரம் இரவில்தான். வெண்டை, பாகல், முருங்கை போன்றவை பெரும்பாலும் விமானத்தில், பூச்சி நோய் இல்லை என்ற தாவரநலச் சான்றிதழோடு வருகின்றன. இந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்பதை 2014 காட்டியது. முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து வந்த 207 காய், பழச் சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததால், அந்த மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்தையும் தடுத்தது. அல்போன்சா பருவம் தொடங்கிய நேரம் அது. மாம்பழத் தடை மறுஆண்டு ஜனவரியில்தான் நீங்கியது. மற்றவற்றுக்கு இன்னும் நாளானது. பொங்கலுக்கு மண்ணோடு கூடிய மஞ்சள் கொத்தைத் தருவிக்க நினைப்பவரும் கவனிக்க வேண்டும்: இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து மண் ஒட்டிய செடி வர அனுமதி இல்லை. கழுவிய கிழங்குதான் கிடைக்கும்.

சிறு கடைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் லேபிள். 25 கிலோ மூட்டையைப் பிரித்து அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டி அடுக்குவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. அப்படிக் கடையிலேயே கட்டி விற்கும் பொட்டலத்திலும் பொருளின் பெயரும் முழுச் சேர்மானப் பட்டியலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது இருந்தாலும் அது தடித்த எழுத்தில் தெரிய வேண்டும். 2021 அக்டோபரில் வந்த இந்த விதிக்கு நடாஷா சட்டம் என்று பெயர். லேபிள் இல்லாத ரொட்டியின் மாவில் கலந்திருந்த எள்ளால் 2016இல் உயிரிழந்த 15 வயதுச் சிறுமியின் பெயர் அது.

எள் அந்தப் பதினான்கில் ஒன்று. கடுகும் ஒன்று. ஆகவே கடையில் இடித்து விற்கும் இட்லிப் பொடியை எடுத்துக்கொண்டால், உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், உப்பு என்று எழுதி முடித்துவிட முடியாது. எள் சேர்த்திருந்தால் அது தடித்த எழுத்தில் வர வேண்டும். அதைவிட மறைவாக இருப்பது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையும் பட்டியலில் உண்டு. பருப்பும் மிளகாயும்தானே என்று நம்பி வாங்கும் கோதுமை ஒவ்வாமைக்காரர், ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தால் நோயில் விழலாம். எனவே பெருங்காய டப்பாவின் லேபிளைப் படித்து, அதிலுள்ள கோதுமையைப் பொடியின் பட்டியலுக்கும் கொண்டுவர வேண்டும். நிலக்கடலை அள்ளிய கரண்டியால் துவரம் பருப்பை அள்ளவும் கூடாது.

கடுகெண்ணெயில் வேறொரு சிக்கல். எரூசிக் அமிலம் அதிகம் என்பதால் அந்தப் புட்டிகள் இங்கே பெரும்பாலும் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்ற லேபிளோடு விற்கப்படுகின்றன. அவற்றைச் சமையல் எண்ணெய் வரிசையில் அடுக்குவது, லேபிள் சொல்வதற்கு நேர்மாறாக வாடிக்கையாளரிடம் சொல்வதாகும். அவை தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோடு இருக்க வேண்டியவை.

இட்லி மாவு இன்னொரு நுட்பமான இடம். அக்கம்பக்கத்தில் யாரோ ஒரு அக்கா வீட்டில் அரைத்துத் தருவதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். அந்த வீட்டுச் சமையலறையும் கவுன்சிலில் பதிந்த உணவுத் தொழிலாக இருக்க வேண்டும். மாவுப் பொட்டலத்தில் சேர்மானமும் தேதியும் இருக்க வேண்டும். இங்கே தேதி இரண்டு வகை. ‘இதற்குள் பயன்படுத்துக’ என்ற நாள் கடந்ததை விற்பது குற்றம். ‘இந்நாள்வரை சிறந்தது’ என்ற நாள் கடந்த பருப்பை, பொருள் நன்றாக இருந்தால், விலை குறைத்து விற்கலாம்.

மசாலாவின் தூய்மையைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. 2005இல் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒரு சாஸ் வழியாகப் பரவி, பிரிட்டனில் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2024 மே மாதம், எத்திலீன் ஆக்ஸைடு எச்சம் பற்றிய கவலையால் இந்திய மசாலா அனைத்துக்கும் பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் கூடுதல் கட்டுப்பாடு விதித்தது. மிளகாயிலும் மஞ்சளிலும் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். கடைக்காரரால் ஆவது, மொத்த வியாபாரியிடம் அந்தத் தொகுதிக்குரிய ஆய்வறிக்கையைக் கேட்பது. தர மறுப்பவரிடம் தூளாக அரைத்த எதையும் வாங்காமல் இருப்பது உத்தமம்.

எந்தப் பொருளை எவரிடம் வாங்கினோம் என்பதற்கான ரசீதைக் காட்ட முடியாத சரக்கு கடையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். மூட்டையைப் பிரித்தவுடன் அதன் தொகுதி எண் குப்பைக்குப் போய்விடுவதுதான் வழக்கமான தவறு. மூட்டையின் லேபிளை வெட்டி, பிரித்த தேதியோடு ஒரு நோட்டில் ஒட்டி, அந்தத் தேதியைப் பொட்டலங்களிலும் எழுதினால் போதும். ஒரு தொகுதி மிளகாய்த் தூளைத் திரும்பப் பெறுமாறு அறிவிப்பு வரும் நாளில், அந்த நோட்டு இருப்பவர் சந்தேகப்பட்ட இருபது பொட்டலங்களை மட்டும் எடுத்துத் தனியே வைப்பார், வாடிக்கையாளர் பார்வைக்கு அறிவிப்பை ஒட்டுவார். நோட்டு இல்லாதவர் அலமாரி முழுவதையும் காலி செய்ய வேண்டும். அதற்கான பணத்தை எந்த மொத்த வியாபாரியிடமும் கேட்க அவரிடம் ஆதாரம் இராது.