மேக்ரோ நின்றுபோனால் பயமில்லை

சிறிய மொத்த வியாபாரக் கடைகளில் மாதம் பிறந்தால் கட்டாயம் வரும் வேலை ஒன்று உண்டு. எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, அது எத்தனை நாள் பழைய பாக்கி என்று பட்டியல் எடுக்க வேண்டும். பில் போடும் மென்பொருளிலிருந்து பாக்கி பில்களை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செலில் திறந்து, பார்ட்டி வாரியாக அடுக்க வேண்டும். பில் தேதியிலிருந்து நாள் கணக்குப் போட வேண்டும். 30 நாளுக்குள், 31 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று பிரித்துக் கூட்ட வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கு அரை நாள் இதிலேயே போய்விடும்.

மேக்ரோவுக்கு ஏற்ற வேலை இதுதான். செய்முறை மாதாமாதம் ஒன்றே. கோப்பு மட்டும்தான் புதிது. எக்செலின் View பகுதியில் Macros என்பதன் கீழ் Record Macro உண்டு. அதை அழுத்திவிட்டு ஒருமுறை வேலையைச் செய்தால், நாம் செய்த ஒவ்வொன்றையும் எக்செல் கட்டளைகளாக எழுதிக்கொள்ளும். அடுத்த மாதம் ஒரு பொத்தான் போதும், சில நொடிகளில் பட்டியல் தயார். கோப்பை .xlsm என்ற வகையில் சேமிக்க வேண்டும், வழக்கமான.xlsx ஆகச் சேமித்தால் மேக்ரோ அதில் தங்காது.

மேக்ரோ பாதியில் பிழை காட்டி நின்றால் ஒரு நஷ்டமும் இல்லை. பழையபடி கையால் செய்துகொள்ளலாம். கடைசிவரை ஓடி, அழகான பட்டியலையும் கொடுத்து, அந்தப் பட்டியல் தப்பாக இருந்தால்தான் ஆபத்து. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு ஹார்டுவேர் கடையை வைத்துப் பார்ப்போம்.

விட்டுப்போன 23 பில்கள்

பதிவு செய்த மாதத்தில் 147 பில்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு வரிசையையும் சேர்த்தால் 148 வரிசைகள். அடுக்கும்போது நாம் தேர்ந்தெடுத்ததை எக்செல் இப்படி எழுதி வைத்திருக்கும்:

```
.SetRange Range("A1:F148")
```

‘எல்லா பில்களையும் எடு’ என்பது நம் எண்ணம். ‘148ஆவது வரிசை வரை எடு’ என்பதே அது எழுதிக்கொண்டது. அடுத்த மாதம் 170 பில்கள் வந்தால், கடைசி 23 பில்கள் அடுக்கலிலும் சேராது, கூட்டலிலும் சேராது. எக்செல் ஒரு வார்த்தை சொல்லாது. பட்டியல் முழுதாக இருப்பதுபோலவே தெரியும்.

அதே வரியில் இன்னொரு வம்பும் இருக்கிறது. இடையில் யாரோ G பத்தியில் செக் நம்பர்களைக் குறிக்கத் தொடங்கிவிட்டார் என்றால், மேக்ரோ A முதல் F வரை மட்டுமே அடுக்கும். பார்ட்டிகள் இடம் மாறுவார்கள். செக் நம்பர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவர் கொடுத்த செக் இன்னொருவர் கணக்கில் நிற்கும். Ctrl+Z அழுத்திப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றால், மேக்ரோ தாளில் செய்த மாற்றங்களை எக்செல் அப்படித் திருப்பித் தராது. ஆகவே மேக்ரோ எப்போதும் நகல் கோப்பில்தான் ஓட வேண்டும். இறக்கிய அசல் கோப்பை அது தொடவே கூடாது.

வரிசை எண்ணைக் கட்டி வைப்பதற்குப் பதிலாக, தாளின் அடியிலிருந்து மேலே ஏறி, கடைசியாக நிரம்பிய கட்டத்தைத் தேடச் சொல்லலாம்:

```
n = Cells(Rows.Count, 1).End(xlUp).Row
```

புரண்ட தேதிகள்

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழை தேதியில் வரும். நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். நம் கணினியும் அப்படியே அமைந்திருந்தால், சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும்போது எக்செல் சரியாகவே படிக்கும். அதே கோப்பை மேக்ரோ திறந்தால், வேறு சொல்லாதவரை, அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும்.

05/04/2025 என்பது ஏப்ரல் 5இல் போட்ட பில். மேக்ரோ அதை மே 4 ஆக்கிவிடும். மே 31 அன்று பட்டியல் எடுத்தால், 56 நாள் பழைய பாக்கி 27 நாள் என்று வந்து ‘30 நாளுக்குள்’ என்ற கட்டத்தில் உட்காரும். 30 நாள் தாண்டியவர்களுக்கு மட்டும் போன் செய்யும் கடையில் அந்தப் பார்ட்டிக்குப் போன் போகாது. 18/04/2025 போன்ற தேதிகள் தப்பிவிடும். 18ஆவது மாதம் கிடையாதே. அவை பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே நிற்கும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் தேதியிலும் சிக்கல் இல்லை. ஆக, மாதத்துக்கு 11 நாட்களின் பில்கள் மட்டும் புரண்டுபோகும். மேலோட்டமாக நாலு பில்லைப் பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும்.

கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எக்செல் தேதியாக ஏற்காதவை. அடுத்தது, வராத நாளின் பில்கள்: மே 6 பில் ஜூன் 5 ஆகிவிடுவதால் நாள் கணக்கு மைனஸில் வரும். கோப்பைத் திறக்கும் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் கணினியின் சொந்தத் தேதி முறையில் படிக்கும்:

```
Workbooks.Open "D:\Bills\may.csv", Local:=True
```

டேலி ஆகிறதா?

கையால் செய்தபோது கணக்கர் வழியிலேயே பத்துத் தவறுகளைக் கண்ணால் பிடித்திருப்பார். மேக்ரோவுக்கு அந்தக் கண் கிடையாது. நாம்தான் வைக்க வேண்டும். அசல் கோப்பில் எத்தனை பில், மொத்தம் எவ்வளவு ரூபாய் என்பதை முதலில் எடுத்துவைத்து, பட்டியல் முடிந்ததும் ஒப்பிட்டு, பைசா வித்தியாசம் இருந்தாலும் நின்றுவிடச் சொல்ல வேண்டும்.

```
If Round(asal - pattiyal, 2) <> 0 Then
    MsgBox "Tally aagavillai"
    Exit Sub
End If
```

விட்டுப்போன 23 பில்களை இது பிடித்துவிடும். புரண்ட தேதியைப் பிடிக்காது, ஏனென்றால் தேதி மாறினாலும் தொகை மாறாது. அதற்கு, இன்றைய தேதியைத் தாண்டிய பில் ஒன்று இருந்தாலும், தேதியாக இல்லாத கட்டம் ஒன்று இருந்தாலும் நிற்கும்படி தனியாக எழுத வேண்டும். மேக்ரோவுக்குள் `On Error Resume Next` என்ற வரி இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதியவரைக் கேளுங்கள். பிழை வந்தாலும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். அது வந்துவிட்டால் நாம் வைத்த காவலும் வீண்.

சத்தமில்லாமல் விட்டுப்போவது சின்னக் கடைகளுக்கு மட்டும் நேர்வதல்ல. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்று விவரங்கள் சில நாட்கள் கணக்கில் சேராமல் போயின. பழைய .xls தாளில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதே காரணம்.

எதுவரை விடலாம்?

வெளியிலிருந்து வரும் மேக்ரோக் கோப்பு தனி ஆபத்து. 1999இல் பரவிய மெலிசா வைரஸே வேர்டு மேக்ரோவாக மின்னஞ்சலில் வந்ததுதான். 2022 முதல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கிறது. ‘பில் இணைத்துள்ளேன், Enable Content அழுத்துங்கள்’ என்று வரும் கோப்பில் அதை அழுத்த வேண்டாம். பில்லைப் படிக்க மேக்ரோ தேவையில்லை.

சொந்த மேக்ரோவிலும் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. அடுக்குவது, கூட்டுவது, பிரிண்டுக்குத் தயார் செய்வது எல்லாம் அதன் வேலை. பார்ட்டிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, வங்கிக்குப் பணப் பட்டியல் ஏற்றுவது, பழைய கோப்புகளை அழிப்பது ஆகியவற்றை ஒருவர் பார்த்துக் கையால் அழுத்த வேண்டும். தப்பான பட்டியலை மறுபடி எடுக்கலாம். கட்டிவிட்ட பார்ட்டிக்கே பாக்கி கேட்டுப் போன மின்னஞ்சலைத் திரும்ப வாங்க முடியாது.

எழுதியவர் வேலையை விட்டுப் போவதற்கும் தயாராக இருக்க வேண்டும். கோப்பின் முதல் தாளில் எந்தக் கோப்பைப் படிக்கிறது, எதை மாற்றுகிறது, என்ன சரிபார்க்கிறது என்று பத்து வரி எழுதி வையுங்கள். பிறகு ஒரு மாதம், அவர் இருக்கும்போதே, வேறொருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில்தான் பத்து வரி போதவில்லை.