வேலை மாறும் விற்பனையாளரும் வாடிக்கைக்காரர் பட்டியலும்

நிதியாண்டு முடிவடைகிற இம்மாதத்தில், இன்சென்டிவ் தொகை கைக்கு வந்ததும் வேறு கம்பெனியில் சேரலாம் என்று எண்ணியிருந்த விற்பனைப் பிரதிநிதிகள் எழுதியுள்ள கடிதங்களில் ஒரே தவிப்புத் தென்படுகிறது. மார்ச் 31-ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்று நிர்வாகம் நீட்டியிருக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில், விலகிய பின் இரண்டு வருஷங்களுக்குப் போட்டி ஸ்தாபனம் எதிலும் சேருவதில்லை என்று ஒரு ஷரத்தும், வாடிக்கைக்காரர் சம்பந்தமான விவரம் யாவும் கம்பெனியின் வியாபார ரகசியம் என்று மற்றொரு ஷரத்தும் இருக்கின்றன. கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் முதல் ஷரத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். நின்று யோசிக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்று கூறுகிறது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு செல்லும். விலகிய பிறகு அது ஓர் ஊழியரின் ஜீவனோபாயத்தை மறிக்க முடியாது. முதல் ஷரத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இது நிர்வாகங்களின் வக்கீல்களுக்குத் தெரியாததன்று. முன்வாசல் அடைபட்டிருப்பதை அறிந்தே, "அவர் எங்கு வேண்டுமானாலும் போகட்டும், எங்கள் ரகசியத்தை மட்டும் பயன்படுத்தக்கூடாது" என்று கேட்டு, அந்த ரகசியம் என்ற சொல்லுக்குள் விற்பனையாளருக்குத் தெரிந்த அத்தனை மனிதர்களையும் அடைத்துவிட்டால், தெரிந்தவர் எவரையும் பார்க்கக்கூடாத ஒரு விற்பனையாளரை எந்தப் போட்டிக் கம்பெனியும் வேலைக்கு எடுக்காது என்பது அவர்களுடைய பின்வாசல் கணக்கு. பல நிர்வாகங்கள் ரகசியம் என்று கூறுவதை நான் நம்பத் தயங்குவதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கணக்கை நியாயஸ்தலம் நேராகச் சோதித்த வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. ஃபாக்செண்டா என்ற கோழி இறைச்சி நிறுவனத்தின் விற்பனை மேலாளராயிருந்த ஃபவுலர் என்பவர், விலகிச் சென்று அதே வட்டாரத்தில் அதேபோலக் குளிர்சாதன வண்டிகளில் இறைச்சி விற்கத் தொடங்கினார். பழைய சகாக்கள் பலரும் அவரோடு சேர்ந்துகொண்டனர். வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம், அவர்களிடம் போகும் வழி, கொடுக்கும் நாளும் நேரமும், வாங்கும் அளவு, விதிக்கும் விலை ஆகியவை சேர்ந்து ஒரு ரகசியமாகின்றன என்று நிறுவனம் வாதித்தது. 1986-இல் அப்பீல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியரின் வேலை எத்தகையது, விவரம் எத்தகையது, அது ரகசியம் என்று முதலாளி அழுத்திச் சொல்லியிருந்தாரா, ஊழியர் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய மற்ற அறிவிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்கவேண்டும் என்றது. வண்டியோட்டி முதல் எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்தியை, ரகசியம் என்று ஒருவரும் ஒருநாளும் சொல்லாத செய்தியை, விலகியவர் மனத்திலிருந்து பறிக்க வழியில்லை என்று முடிந்தது.

ஆனால் அதே தீர்ப்பில் நிறுவனங்களுக்குச் சாதகமான ஒரு கூற்றும் இருக்கிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது அதுதான். வேலையில் இருக்கும்போதே, பின்னால் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணத்தோடு, பட்டியலைப் பிரதி எடுப்பதும் அதை வேண்டுமென்றே மனப்பாடம் செய்வதும் விசுவாசக் கடமைக்கு மாறானவை என்கிறது அது. 1895-இலேயே, வேட்டைப் பறவைகளும் முட்டைகளும் விற்கும் பண்ணையின் ஆர்டர் புத்தகத்திலிருந்து பெயர்களை ரகசியமாக எழுதிக்கொண்டு போன மேலாளர், ராப் என்ற முதலாளியிடம் இதே காரணத்தால் தோற்றார். ஆக, ஒரே பெயர் ஒருவருடைய நினைவில் தானாகத் தங்கியிருந்தால் குற்றமில்லை. உருப்போட்டுத் தங்கியிருந்தால் குற்றம். சட்டம் அளப்பது செய்தியை அன்று, அது வந்துசேர்ந்த விதத்தை.

நம் ஊரில் ஓர் உதாரணம் பார்ப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேரிங் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையின் பெயர் வாசற்பலகையிலேயே இருக்கிறது. பர்சேஸ் அதிகாரி யார் என்பது அங்கே போகிற எல்லா விற்பனையாளருக்கும் தெரியும். எந்த மெஷினில் 6205 பேரிங் அடிக்கடி போகிறது என்பது அவர் பத்து முறை நேரில் நின்று பார்த்ததால் வந்த அறிவு. இவை அவருடையவை. அந்தத் தொழிற்சாலைக்கு மட்டும் கொடுத்த தள்ளுபடி எத்தனை சதவீதம், கடன் எத்தனை நாள், வருஷாந்தர ஒப்பந்தம் எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது, அதற்காக இந்த வாரம் தயாராகிக்கொண்டிருக்கும் கொட்டேஷன் என்ன என்பவைதான், பட்டியலில் பெயருக்குப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் மெய்யான ரகசியம். அதற்கும் ஆயுள் சொற்பம்: அடுத்த ஆண்டு விலை மாறியதும் அது வெறும் பழங்கணக்கு.

இந்த மனிதர் ராஜிநாமா கொடுப்பதற்கு முந்தின இரவு, கம்பெனியின் வாடிக்கைக்காரர் மென்பொருளிலிருந்து முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கித் தம் சொந்த இ-மெயிலுக்கு அனுப்பினால், எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. எந்த நேரத்தில் எத்தனை வரிகள் இறங்கின என்பது சர்வரில் பதிவாகியிருக்கும். பட்டியலில் வேண்டுமென்றே நுழைக்கப்பட்ட பொய்ப் பெயரும், தவறாகத் தட்டச்சான விலாசமும் புதிய கம்பெனியின் கடித உறையில் அப்படியே வந்து நின்று காட்டிக்கொடுக்கும். அனுமதியின்றித் தரவை இறக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணத்தோடு செய்ததானால் 66-ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நினைவில் இருந்தே எழுதியிருக்கக்கூடிய நாற்பது பெயர்களுக்காக ஒருவர் போலீஸ் நிலையத்தில் நிற்க நேரிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. தபால் வழி வியாபாரம் செய்த ஒரு நிறுவனம் தொகுத்த வாடிக்கைக்காரர் பட்டியலை, காப்புரிமை பெறும் இலக்கியப் படைப்பாகக் கருதி 1995-இல் டில்லி உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. 2006-இல் அதே நீதிமன்றம், விலகிப்போன அதிகாரிக்கு எதிராக அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி கேட்ட தடையை மறுத்து, ரகசிய விவரம் கையில் இருக்கிறதென்று சொல்லி ஒருவர் வேலை மாறும் சுதந்திரத்தைக் குறுக்க முடியாது என்று கூறியது. வெறும் உழைப்பால் தொகுத்தது காப்புரிமைக்குப் போதாது என்ற உச்ச நீதிமன்றத்தின் பிற்காலக் கொள்கையால் 1995-ஆம் வருஷத்து வழியும் குறுகிவிட்டது. வியாபார ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் 2024-இல் சொன்னது. தொழில்களுக்கு அது பாதுகாப்பு என்கிறார்கள். ரகசியத்தின் வரையறையில் மேற்சொன்ன பின்வாசலை அடைக்காவிட்டால், அது விற்பனையாளருக்குப் பாதுகாப்பாகாது.

மற்றக் கேள்விகள் சில:

கையெழுத்திட மறுக்கலாமா? பத்திரம் முழுவதையும் மறுப்பதைவிட, எந்தெந்த விவரம் ரகசியம் என்று பெயர் சொல்லி எழுதித்தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

சொந்தச் செல்பேசியில் உள்ள எண்கள்? வேலையின்போது இயல்பாகச் சேர்ந்தவற்றால் பெரிய அபாயமில்லை. கடைசி வாரத்தில் மொத்தமாகச் சேர்த்தவை சந்தேகத்துக்கு இடமாகும்.

விலகுமுன் வாடிக்கைக்காரரைப் புதிய இடத்துக்கு அழைக்கலாமா? கூடாது, கடைசி நாள் சுற்றில் அப்படி அழைத்த பால்காரர் ஒருவர் 1935-இல் இங்கிலாந்தில் வழக்கில் தோற்றார்.

வாடிக்கைக்காரர் தாமாகவே தேடி வந்தால்? வரட்டும், அவர் கம்பெனியின் சொத்து அல்லர்.

சேமநல நிதியை நிறுத்திவைப்போம் என்கிறார்களே? அந்த அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது.