பெருந்தமனிக்குள் இரண்டு வழிகள்

வயது 58. பல வருட ரத்தக்கொதிப்பு, மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுபவர். மார்பில் சட்டென்று தொடங்கிய வலி கிழிப்பதுபோல் முதுகுக்கு இறங்குகிறது. வலது கையில் ரத்த அழுத்தம் 180, இடது கையில் 140. அவசரப் பிரிவுக்கு இப்படி ஒருவர் வந்தால், மாரடைப்பு என்று முடிவுகட்டி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றிவிடக் கூடாது. முதலில் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும்.

பெருந்தமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள் அடுக்கு கிழிந்ததும் ரத்தம் உள்ளே புகுந்து நடு அடுக்கைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. பிரிந்து தொங்கும் சவ்வைத்தான் இன்டிமல் ஃபிளாப் என்கிறார்கள். சாயம் கலந்த வெண்மையான ரத்தத்தின் நடுவே அது மெல்லிய கருங்கோடாகத் தெரியும். அதற்கு ஒருபுறம் பழைய, உண்மை வழி; மறுபுறம் புதிதாக உண்டான பொய் வழி.

அகலமாக இருப்பதே உண்மை வழி என்று பயிற்சி மருத்துவருக்குத் தோன்றும். பெரும்பாலும் நேர்மாறு: பொய் வழி வீங்கி, உண்மை வழியை நசுக்கியிருக்கும். நம்பத்தக்க முறை, பிளவுபடாத பகுதியிலிருந்து ஒவ்வொரு படமாகத் தொடர்ந்து வருவது. அதோடு அறுபடாமல் சேர்வதே உண்மை வழி. பொய் வழியின் ஓரம், ஃபிளாப் வெளிச்சுவரைத் தொடும் இடத்தில் பறவையின் அலகுபோல் கூராக முடியும். இதயத் துடிப்பின் அசைவும் ஏறு பெருந்தமனியின் அடியில் போலிக் கோடு காட்டுவதுண்டு; ஈசிஜியோடு இணைத்து எடுத்த படத்தில் அது மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட், ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருப்பதில்லை. உடனே போன் செய்வார்: "ஃபிளாப் ஏறு பெருந்தமனியிலேயே தொடங்குது. ஸ்டான்ஃபோர்டு ஏ. இடது சிறுநீரகத் தமனி பொய் வழியிலிருந்து கிளம்புது. இதய உறையில கொஞ்சம் திரவம் இருக்கு."

"மேடம், திரும்பச் சொல்றேன்..." என்று பயிற்சி மருத்துவர் வரி வரியாக ஒப்பித்து, சொன்னவர் பெயரையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இந்த மூன்று செய்திகளும் அடுத்த போனில் இதய அறுவை நிபுணருக்கு அப்படியே போக வேண்டும். ஏறு பெருந்தமனி என்றால் அவசர அறுவை; இறங்கு பெருந்தமனி மட்டும் என்றால் பெரும்பாலும் மருந்தே முதல் சிகிச்சை. பொய் வழியை நம்பியிருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையலாம். உறையில் சேரும் திரவம் இதயத்தை அழுத்தி நிறுத்திவிடலாம். "டிசெக்‌ஷன் சார், சீக்கிரம் வாங்க" என்பது மட்டும் போதாது.

அறுவை அரங்கு தயாராகும் நேரத்தில் வலியை அடக்கி, எஸ்மோலால் போன்ற பீட்டா பிளாக்கரால் நாடித் துடிப்பை 60க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். பிறகே ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து. முதலிலேயே கொடுத்தால் இதயம் வேகமெடுத்துக் கிழிசலை நீட்டிவிடும். மேல் அழுத்தம் 100 முதல் 120 வரை இருக்க வேண்டும். உறைத் திரவத்தால் அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருந்தால் இந்த மருந்துகளுக்கு இடமில்லை. அளவீட்டை எப்போதும் அதிகம் காட்டும் கையில், இவருக்கு வலது கையில், எடுக்க வேண்டும். இடது கை 110 காட்டும்போது வலது கையில் அது 150 ஆக இருக்கலாம்.