என் பெயரில் வந்த கடிதம்

மாலை நான்கு மணி இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் கைப்பேசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, உங்க பேருக்கு ஜெர்மனியில இருந்து கடுதாசி வந்திருக்கு” என்றாள். திரையில் “ஸேயர் கெயேர்ட்ட ஃப்ராவ்” என்று ஒரு வரி, அதை ஒட்டி என் பெயர். மரியாதைக்குரிய அம்மையாரே என்று அர்த்தமாம். ஆஹன் நகரத்தில் இயந்திரவியல் முதுகலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

அன்று இரவே சொந்தக்காரர்கள், சிநேகிதிகள் எல்லோருக்கும் சேதி சொல்லிவிட்டாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். “நீங்களும் ஏதாவது சொல்லுங்கப்பா” என்றாள். “ரொம்பப் பெருமையா இருக்கும்மா” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வரிக்குள் நான் அடக்கி வைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும்.

முதலில் பெயர். நம் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழில் பெயரும் ஓர் எழுத்துத் தலைப்பும்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தத் தலைப்பெழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிலர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள். ஜெர்மன்காரர்களுக்குக் குடும்பப் பெயர்தான் ஆளுக்கு அடையாளம். சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வரும். எழுத்துக்கூட்டல் ஓரெழுத்து மாறினாலும் வரும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பரப்பிவைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மாறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சேர்க்கலாம். மகள் இதைப் போன வருடம் ஆவணியிலேயே செய்துவிட்டாள். எனக்கு அப்போது அதன் அவசியம் புரியவில்லை.

அடுத்தது மதிப்பெண். “என் மார்க் 1.9 வருதுப்பா” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னபோது எனக்குத் திக்கென்றது. முப்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். அதிகம் வாங்கினால்தான் நல்ல மார்க் என்றே பழகிய மனசு. அங்கே நேர்மாறு. 1.0 தான் உச்சம். 4.0 வரை தேர்ச்சி. அதைத் தாண்டினால் தோல்வி. நம் மதிப்பெண்ணை அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு; பவேரிய சூத்திரம் என்கிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணில் இருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். அதிகபட்சத்தில் இருந்து தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்தைத் தனியாகக் கழிக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண்.

மகள் பத்துக்கு 8.5 வாங்கியிருந்தாள். அவள் படித்த இடத்தில் தேர்ச்சிக்கு 5 வேண்டும். ஆக, 1 + 3 × (10 − 8.5) ÷ (10 − 5) = 1.9. தாளில் நானே போட்டுப் பார்த்தேன். பிறகு சும்மா இருக்காமல் அந்த 5-ஐ மட்டும் மாற்றிப் போட்டேன். தேர்ச்சிக்கு 6 என்று வைத்தால் அதே 8.5 ஜெர்மனியில் 2.125 ஆகிறது. 4 என்று வைத்தால் 1.75. பிள்ளையின் உழைப்பு மாறவில்லை. தேர்ச்சி எல்லை எங்கே என்ற ஒரே எண்தான் அவளை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் செய்கிறது. 2.5-க்குக் கீழே இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லும் படிப்புகள் பல இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

அந்த எண் எங்கே அச்சாகியிருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில், பொடி எழுத்துத் தரவரிசை அட்டவணையில். மகள் முதலில் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டாள். தேர்ச்சி எல்லைக்குச் சான்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. கெடு முடிய நாலு நாள்தான் இருந்தது. பின்பக்கத்தை ஸ்கேன் செய்து அன்றே அனுப்பினாள். பின்பக்கத்தில் அட்டவணை இல்லாதவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதமாகவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் என்று இன்னொரு படி உண்டு. நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்த ஓர் அலுவலகம் சரிபார்த்துச் சான்று தருகிறது. மாணவர் விசாவுக்கு இது 2022 நவம்பரில் இருந்து கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பக் காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போய் விழுவதால் தாமதமாகும். இதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு ஒரு பருவமே போயிருக்கிறது.

கடிதத்துக்கு வருகிறேன். இடம் கிடைத்த கடிதத்தை வீட்டில் எல்லோரும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவோம். இரண்டாம் பக்கத்தில்தான் சங்கதி இருக்கிறது. எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும், எந்தச் சான்றிதழை அசலாகக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இறுதிப் பட்டச் சான்று கொண்டுவந்தால்தான் சேர்க்கை என்று நிபந்தனை போட்டிருக்கலாம். அந்தத் தேதி தப்பினால் கடிதம் வெறும் தாள். எங்கள் வீட்டில் அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டவள் என் மனைவி.

பணம் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்தில் இருந்து கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆஹன் இருக்கும் மாநிலத்தில் அப்படி எதுவும் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை பங்களிப்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். ஆனால் கட்டணம் இல்லை என்பதால் பணமே வேண்டாம் என்று ஆகிவிடாது. விசாவுக்குப் போகும் முன்பே ஒரு வருடத்துக்கான வாழ்க்கைச் செலவு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கான வழிதான் முடக்கக் கணக்கு.

2024 செப்டம்பர் முதல் இதற்கான தொகை 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம். இது கட்டணமும் இல்லை, யாருக்கும் கொடுத்துவிடுவதும் இல்லை. பிள்ளையின் பேரில் பிள்ளையின் பணமாகவே பூட்டி வைக்கப்படுகிறது. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோ வீதம் பன்னிரண்டு மாதமும் அவள் கைக்கு வரும். நினைத்தபோது எடுக்க முடியாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

நாங்கள் தடுக்கிய இடமும் இதுதான். வங்கிக் கடனில் பாதி, என் சேமநல நிதியில் பாதி என்று சேர்த்து, சரியாக 11,904 யூரோவை அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததோ அதைவிடக் கொஞ்சம் குறைவு. வழியில் ஒரு இடைவங்கி தன் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டிருந்தது. குறைந்தது இருபது யூரோகூட இல்லை. ஆனால் முழுத்தொகை வராமல் உறுதிச் சான்று தர மாட்டார்கள், அந்தச் சான்று இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது. அந்தச் சில யூரோவை மறுபடி அனுப்பவும் அது போய்ச் சேரவும் ஒரு வாரம் போனது. வெளிநாட்டு வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்கும் வசதி இருக்கிறது. அதைக் குறித்திருக்க வேண்டும். கூடவே ஐம்பது யூரோ சேர்த்து அனுப்பியிருக்கலாம். மிச்சப் பணம் அவள் கணக்கில்தானே இருக்கப்போகிறது!

இன்னொன்றும் உண்டு. ஊர் போய் இறங்கியதும் 992 யூரோ வந்துவிடாது. தங்குமிடத்தை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், சாதாரண வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் மாதப் பணம் விடுபடும். இடையில் மூன்று, நான்கு வாரம் ஆகிவிடலாம். அறைக்கு முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரைக்கும் கேட்கலாம். ஆகவே அந்த இடைவெளிக்குத் தனியாகப் பணம் கொடுத்தனுப்ப வேண்டும்.

அறை விஷயத்தில் மகள் என்னைவிடக் கெட்டி. இடம் கிடைத்த அன்று ராத்திரி, வாழ்த்துகளுக்குப் பதில் சொல்லி முடித்த கையோடு, மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். விடுதிகளை நடத்துவது ஒரு மாணவர் நல அமைப்பு. வாடகை வெளியில் உள்ளதைவிடக் குறைவு, ஆனால் காத்திருப்போர் வரிசை நீளம். விசா வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் முதல் சில மாதம் தற்காலிக அறைகளில் மாறி மாறித் தங்கும்படி ஆகிறது. அவளுக்கு நவம்பரில் அறை கிடைத்தது. அதுவரை சீனியர் பெண்ணொருத்தியின் அறையில் இருந்தாள்.

அறைக்குப் போன அன்று ஒரு படம் அனுப்பினாள். அங்கே கதவு எண் பார்த்துத் தபால் கொடுப்பதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லாத பெட்டி என்றால் வங்கி அட்டை, காப்பீட்டுத் தாள், குடியிருப்பு அனுமதிக் கடிதம் எல்லாம் திரும்பிப் போய்விடும். அதனால் அரிசி வாங்கும் முன்பே பெயரை எழுதி ஒட்டினாளாம். படத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில், அவள் கையெழுத்தில், என் பெயர். சின்ன வயதில் நான் சிலேட்டில் எழுதிக்கொடுத்துப் பழக்கிய அதே சாய்வு.