வட்டி ஏறினாலும் இறங்கினாலும் செலவு ஒன்றே: ‘ஸ்வாப்’ கணக்கை எழுதுவது எப்படி?

2022 மே மாதத்திலிருந்து 2023 மே மாதத்திற்குள் பேங்க் நெகாரா ஓபிஆர் விகிதத்தை 1.75 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. வீட்டுக் கடன் வாங்கியவர்களின் மாதத் தவணை கூடியது நமக்குத் தெரியும். மாறும் வட்டியில் கடன் வாங்கிய நிறுவனங்களுக்கும் அதே நிலைதான். அந்த ஆபத்தைத் தவிர்க்க அவை வங்கியுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமே வட்டி ஸ்வாப். அதைக் கணக்கில் எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். கிள்ளானில் உள்ள ஒரு லாரி நிறுவனம் 3 ஆண்டுகளுக்கு 1 கோடி ரிங்கிட் கடன் வாங்குகிறது. முதல் முழுவதையும் கடைசியில்தான் கட்ட வேண்டும். வட்டி ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு, ஆண்டின் கடைசி நாளில் கட்டப்படுகிறது. அதே தொகைக்கு, அதே தேதிகளில் ஒரு ஸ்வாப்பும் செய்யப்படுகிறது. நிறுவனம் நிலையான 4 விழுக்காட்டைக் கொடுக்கும்; வங்கி மாறும் வட்டியைக் கொடுக்கும். 1 கோடி கைமாறாது. ஆண்டுக்கு ஒரு முறை வித்தியாசம் மட்டுமே கைமாறும்.

முதல் ஆண்டு: மாறும் வட்டியும் 4 விழுக்காடு. கடன் வட்டி 400,000 ரிங்கிட். ஸ்வாப்பில் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் ஆண்டின் கடைசி நாளில் அடுத்த ஆண்டின் வட்டி 5 விழுக்காடு என்று முடிவாகிறது. அதே நிலை நீடித்தால் மீதமுள்ள இரண்டு ஆண்டுகளிலும் நிறுவனத்திற்கு தலா 100,000 ரிங்கிட் வரும். 5 விழுக்காட்டில் கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு 185,941 ரிங்கிட்.

டெபிட் ஸ்வாப் சொத்து 185,941
கிரெடிட் ஹெட்ஜ் இருப்பு 185,941

இது லாப நட்டக் கணக்கிற்குப் போகாது. இதர விரிவான வருமானம் வழியாக, பங்குதாரர் மூலதனப் பகுதியில் ஹெட்ஜ் இருப்பாக நிற்கும். இது இன்னும் வராத ஆண்டுகளின் வட்டியைச் சேர்ந்தது. அந்த வட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு: கடன் வட்டி 500,000. வங்கி 100,000 கொடுக்கிறது. அதே நாளில் அடுத்த ஆண்டின் வட்டி 3 விழுக்காடாக இறங்குகிறது. ஆக, அடுத்த ஆண்டு நிறுவனம்தான் 100,000 கட்ட வேண்டும். அதன் இன்றைய மதிப்பு 97,087 ரிங்கிட் கடன் பொறுப்பு.

டெபிட் ஹெட்ஜ் இருப்பு 183,028
கிரெடிட் ஸ்வாப் 183,028
(மதிப்பு இறங்கியது)

டெபிட் ரொக்கம் 100,000
கிரெடிட் ஸ்வாப் 100,000
(வங்கி கொடுத்த தொகை)

டெபிட் ஹெட்ஜ் இருப்பு 100,000
கிரெடிட் வட்டிச் செலவு 100,000
(இந்த ஆண்டின் பங்கு)

கடைசிப் பதிவுதான் முக்கியம். அதனால்தான் வட்டிச் செலவு 500,000 இலிருந்து 400,000 ஆகிறது. சிலர் வங்கி கொடுத்த தொகையை ‘இதர வருமானம்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வட்டிச் செலவு கூடியதாகவும், வராத லாபம் வந்ததாகவும் தெரியும்.

மூன்றாம் ஆண்டு: கடன் வட்டி 300,000 மட்டுமே. ஸ்வாப்பின் பொறுப்பு 97,087 இலிருந்து 100,000 ஆக வளர்கிறது. அந்த 2,913 ரிங்கிட்டை ஹெட்ஜ் இருப்பில் டெபிட் செய்து, ஸ்வாப்பில் கிரெடிட் செய்ய வேண்டும். பிறகு 100,000 கட்டி, வட்டிச் செலவில் டெபிட், ஹெட்ஜ் இருப்பில் கிரெடிட். செலவு மீண்டும் 400,000. ஸ்வாப், ஹெட்ஜ் இருப்பு இரண்டும் பூஜ்யம் ஆகிவிடும். ஆகாவிட்டால் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது.

இந்த மூன்றாம் ஆண்டில்தான் “ஸ்வாப்பால் ஒரு லட்சம் நட்டமா?” என்று முதலாளி கேட்பார். நட்டம் இல்லை. மூன்று ஆண்டும் 4 விழுக்காடு கட்டுவேன் என்று உறுதி வாங்கினார், அதையே கட்டினார். வட்டி இறங்கியதன் பலனை விட்டுக்கொடுத்ததுதான் அந்த உறுதியின் விலை.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். எம்.எஃப்.ஆர்.எஸ் 9 விதிப்படி, எந்தக் கடனுக்கு எந்த ஸ்வாப், எந்த ஆபத்துக்கு என்று ஹெட்ஜ் தொடங்கும்போதே எழுதி வைக்க வேண்டும். தணிக்கையாளர் கேட்ட பிறகு பழைய தேதி போட்டு எழுத முடியாது. அந்த ஆவணம் இல்லாவிட்டால் 185,941 ஏற்றமும் 183,028 இறக்கமும் நேராக லாப நட்டக் கணக்கில் விழுந்து, லாபம் ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும்.

மற்றது, கடனை முன்கூட்டியே கட்டி முடித்தால் ஸ்வாப் தானாக முடியாது. வட்டி இறங்கிய நேரமாக இருந்தால், அதிலிருந்து வெளியேற வங்கிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். இனி அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை என்பதால், ஹெட்ஜ் இருப்பில் நிற்கும் தொகை முழுவதும் உடனே லாப நட்டக் கணக்கிற்கு வந்துவிடும். கடனை அடைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.